வேர் ஹார்மோன் பவுடரா, ஜெல்லா, சோத்துக் கத்தாழையா? எந்தக் குச்சிக்கு நிஜமா வேணும், 10 சென்ட் குண்டுமல்லிய வச்சு முழு விவரம்

தர்மபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டுக்கு கூடு எடுத்துட்டு வர்றவங்க யாரையாவது நிறுத்தி, உங்க மல்பெரி தோட்டத்துக்கு எந்த வேர் ஹார்மோன் போட்டீங்கன்னு கேளுங்க, அப்படி ஒன்னு எதுக்குன்னு திருப்பிக் கேப்பாங்க. பென்சில் கனத்துல, மூணு நாலு கண்ணு இருக்கற குச்சிய சாய்ச்சு வெட்டி, கண்ணு மேல பாக்கற மாதிரி மண்ணுல குத்தி, ஈரம் காயாம பாத்துக்கிட்டா போதும், ஏக்கர் கணக்குல அப்படியே தான் வந்திருக்கு. அதே சமயம் சந்தூர் பக்கம் நர்சரிகள்ல போய் பாருங்க, மாமரத்த யாரும் குச்சியில வளக்கறதில்ல, கொட்டை போட்டு முளைச்ச செடி மேல ஒட்டு தான் கட்டறாங்க. ஏன்னா மாங்குச்சிய ஹார்மோன் டப்பாவுலயே ஊற வச்சாலும் அது வேர் விடறது அபூர்வம்.

இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கற செடிங்களுக்குத் தான் ஹார்மோன் வேலை செய்யும். குண்டுமல்லி அந்த நடு ரகம். நம்ம பக்கம் நிறைய பேர் போடறதும் அதுதான், அதனால குண்டுமல்லியவே எடுத்துக்கிட்டு ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் சொல்றேன். மத்த செடிக்கும் இதே முறைய கொஞ்சம் மாத்திக்கலாம்.

குச்சிக்குள்ள என்ன நடக்குது

செடியோட நுனி மொட்டுலயும் இளசு இலையிலயும் ஆக்சின்னு ஒரு ஹார்மோன் ஊறிக்கிட்டே இருக்கும். அது மேல இருந்து கீழ தான் இறங்கும். நீங்க குச்சிய வெட்டினதும் அது இறங்க வழி இல்லாம வெட்டு வாயில வந்து தேங்கும், அந்தத் தேக்கம் தான் அங்க இருக்கற செல்லுகள வேரா மாறச் சொல்லுது. குச்சிய தலைகீழா நட்டா ஏன் வர்றதில்லன்னும், எல்லா இலையையும் உருவிட்டா ஏன் வேர் தாமதமாகுதுன்னும் இதுலயே பதில் இருக்கு.

செடியில இயற்கையா இருக்கற முக்கியமான ஆக்சின் பேரு ஐஏஏ. அது வெளிச்சத்துலயும் செடியோட சொந்த நொதிகளாலயும் சீக்கிரம் சிதைஞ்சு போயிடும், அதனால டப்பாவுல போட்டு விக்க லாயக்கில்ல. 1935-ல அமெரிக்காவுல பாய்ஸ் தாம்சன் ஆராய்ச்சி நிலையத்துல சிம்மர்மேன், வில்காக்சன் ரெண்டு பேரும், ஐபிஏ, என்ஏஏன்னு ரெண்டு சரக்கு இதைவிட நிலையா நின்னு குச்சியில வேர் விட வைக்குதுன்னு காட்டினாங்க. இன்னைக்கு கடையில பவுடர், ஜெல்லுன்னு வாங்கற வேர் ஹார்மோன்ல பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒன்னோ ரெண்டுமோ தான் இருக்கும்.

அப்போ நாம வெளியில இருந்து ஹார்மோன் வைக்கறதுன்னா, ஏற்கனவே வெட்டு வாயில தேங்கி நிக்கறதோட இன்னும் கொஞ்சம் சேக்கறோம், அவ்ளோ தான். மல்பெரியில தேவையானது ஏற்கனவே இருக்கு, சேத்தா லாபம் இல்ல. மாங்குச்சியில அந்த செல்லுங்க எவ்ளோ ஆக்சின் வந்தாலும் வேரா மாற மாட்டேங்குது, அங்கயும் லாபம் இல்ல. குண்டுமல்லியில செல்லு மாறத் தயாரா இருக்கு, ஆனா தள்ளி விட ஒரு கை வேணும். அங்க தான் காசு போட்ட பலன் தெரியும்.

எதுக்கு வேண்டாம், எதுக்கு வேணும்

முருங்கை போத்து, நாட்டுச் செம்பருத்தி, பன்னீர் ரோஸ், நொச்சி, கற்பூரவல்லி, மணி பிளான்ட், அத்தி, மல்பெரி, இதுக்கெல்லாம் ஹார்மோன் வாங்காதீங்க. போட்டா கெட்டுப்போகும்னு இல்ல, ரெண்டு மூணு நாள் முன்னாடி வேர் வரலாம், அதுக்கு மேல வித்தியாசம் தெரியாது. மணி பிளான்ட்ல கணுவுலயே வேர் முனை கண்ணுக்குத் தெரியும், அதுக்கு மேல என்ன ஹார்மோன் வேணும்.

குண்டுமல்லி, ஜாதிமல்லி, காகிதப்பூ, ஹைப்ரிட் செம்பருத்தி, மாதுளை, எலுமிச்சை, சின்னப்பூ ரோஸ் வகை, இதெல்லாம் நடு ரகம். இதுல ஹார்மோன் போட்டா எத்தனை குச்சி பிழைக்குதுங்கறதும் மாறும், ஒரு குச்சிக்கு எத்தனை வேர் வருதுங்கறதும் மாறும். ரெண்டாவது விஷயத்த யாரும் கவனிக்கறதில்ல. ஒரே ஒரு வேர் ஒரு பக்கமா வந்த செடியும் பிழைச்ச கணக்குல தான் சேரும், ஆனா பாலித்தீன் பையில இருந்து நிலத்துக்கு மாத்தறப்ப அந்த ஒத்த வேர் ஒடிஞ்சுதுன்னா கதை முடிஞ்சுது. சுத்தி அஞ்சாறு வேர் இருக்கற செடி அதைத் தாங்கிடும்.

மா, பலா, சப்போட்டா, புளி இதுக்கெல்லாம் குச்சி முயற்சியே வேண்டாம், ஒட்டுச் செடி வாங்குங்க. கொய்யாவுக்கு தண்டுல பதியம் கட்டலாம், பட்டைய வளையமா உரிச்ச இடத்துல மேல் விளிம்புல ஹார்மோன் தடவினா அங்க நல்ல பலன் இருக்கு.

ஓசூர் பாலிஹவுஸ் ரோஸ் பத்தி தனியா ஒரு வார்த்தை. பொக்கேயில வர்ற ரோஸ் தண்ட வெட்டி ஹார்மோன் வச்சு நட்டுட்டு, வரலன்னு நிறைய பேர் வருத்தப்படறாங்க. அந்தத் தண்டு வெட்டி, குளிர் அறையில இருந்து, வண்டியில வந்து, பக்கெட் தண்ணியில நின்னு, இலையெல்லாம் உருவப்பட்டு உங்க கைக்கு வருது. உள்ள இருந்த சாப்பாடு பாதி தீந்திருக்கும், ஊற வேண்டிய ஆக்சினும் இலையோட போயிருக்கும். அந்த ரகங்கள தோட்டத்துலயே பெரும்பாலும் வேற வேர்ச்செடி மேல கண்ணு ஒட்டித் தான் வளக்கறாங்க. அப்படியே தப்பித் தவறி வேர் விட்டாலும் தன் வேருல அது அவ்ளோ பலமா நிக்காது.

பவுடரா, ஜெல்லா

கேக்கறவங்க எல்லாரும் பவுடரா ஜெல்லான்னு தான் கேக்கறாங்க, ஆனா நீங்க முதல்ல பாக்க வேண்டியது லேபிள்ல இருக்கற சதவீதம். 0.1 சதவீதம்னா 1000 பிபிஎம், 0.3 சதவீதம்னா 3000, 0.8 சதவீதம்னா 8000. இளசான பச்சைத் தண்டுக்கு 1000, பாதி முத்தின தண்டுக்கு 1000-ல இருந்து 3000, நல்லா முத்தின மரக்குச்சிக்கு அதுக்கு மேலன்னு வச்சுக்கலாம். குண்டுமல்லிக்கு பவுடர்னா 0.1-க்கும் 0.3-க்கும் நடுவுல எது கிடைச்சாலும் சரி. ஆன்லைன்ல அழகா பாட்டில்ல விக்கற சில சரக்குல சதவீதமே போடறதில்ல, ரூட் பூஸ்டர்னு மட்டும் இருக்கும். அதை வாங்காதீங்க, உள்ள ஐபிஏ இருக்கா கடல்பாசி சாறு இருக்கான்னு கண்டுபிடிக்க வழி இல்ல.

பவுடர்ங்கறது டால்க் மாவுல ஹார்மோன கலந்தது. விலை கம்மி, டப்பா மூடி ஈரம் படாம வச்சா ரொம்ப நாள் கெடாது, நூத்துக்கணக்குல குச்சி போடறவங்களுக்கு இதுதான் கட்டுப்படியாகும். அதோட குறை என்னன்னா ஒரே மாதிரி ஒட்டாது, ஒரு குச்சியில தடிப்பா ஒட்டும் ஒன்னுல லேசா, அப்புறம் முக்கியமா குச்சிய நேரா மணல்ல குத்தினா வழியிலயே மாவு பூரா துடைச்சுக்கிட்டுப் போயிடும். ஹார்மோன் போட்டும் வரலன்னு சொல்றவங்கள்ல நிறைய பேருக்கு நடந்தது இதுதான், ஹார்மோன் மேல் மண்ணுல இருந்திருக்கும், குச்சி கீழ இருந்திருக்கும்.

ஜெல்லுல அந்தப் பிரச்சினை இல்ல, வெட்டு வாய சுத்திப் பிடிச்சுக்கும், வெட்டின இடம் காயாம மூடியும் வைக்கும். நம்ம தர்மபுரி காத்து காஞ்ச காத்து, அதனால இது ஒரு நல்ல குணம் தான். ஆனா விலை அதிகம், நம்ம ஊர் விதைக் கடையில சுலபமா கிடைக்காது, வெயில்ல வண்டியில வந்த ஜெல் நீத்துப் போயும் வரும். அடர்த்தியா கட்டி கட்டியா ஒட்ட விடக்கூடாது, வெட்டு வாய்க்கு காத்தே போகாம அடைச்சா அழுகும். மாடியில பத்து இருபது குச்சி போடறவங்க ஜெல் வாங்கலாம், சுத்தமா வேலை ஆகும். அதுக்கு மேல எண்ணிக்கை போனா பவுடரோ கரைசலோ தான்.

கரைசல் பத்தி ஏன் சொல்றேன்னா ரெண்டையும் விட ஒரே சீரா பிடிக்கறது அதுதான். லேப் கெமிக்கல் கடையில ஐபிஏ தூளா கிடைக்கும். அது வெறும் தண்ணியில சரியா கரையாது, அதனால 100 மில்லிகிராம் தூள 50 மில்லி ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல முதல்ல கரைச்சு, அப்புறம் 50 மில்லி சுத்தமான தண்ணிய மெதுவா ஊத்தணும். 100 மில்லியில 100 மில்லிகிராம், ஆக 1000 பிபிஎம். குச்சிக் கட்டோட அடிப்பாகத்த 5 செகண்ட் மட்டும் முக்கி எடுத்து, ஆல்கஹால் ஆவியாக ஒன்னு ரெண்டு நிமிஷம் விட்டு நடணும். ரொம்ப இளசான தண்டுக்கு இது வேண்டாம், ஆல்கஹால் சுட்டுடும். 100 மில்லிகிராம் அளக்க நகைக்கடை மாதிரி சின்னத் தராசு வேணும், அது இல்லாதவங்க குத்துமதிப்பா போடாம பவுடரோடயே நின்னுக்கலாம்.

இன்னொரு விஷயம் நம்ம மாவட்டத்துல ரொம்ப பாக்கறேன். மாமரத்துல பூ, பிஞ்சு உதிராம இருக்க அடிக்கற என்ஏஏ மருந்து எல்லார் வீட்டுலயும் இருக்கும், அதுவும் ஆக்சின் தானேன்னு குச்சிய நேரா பாட்டில்லயே முக்கறாங்க. அது 4.5 சதவீதம், அதாவது 45,000 பிபிஎம், குச்சி கருகிப் போயிடும். பூ உதிர்வுக்குன்னு லேபிள் போட்டு விக்கற மருந்து அது, குச்சிக்குன்னு தயார் பண்ணது இல்ல. இருந்தாலும் சிலர் போடத் தான் போறாங்க, அவங்க குறைஞ்சது 1 மில்லிக்கு மொத்தம் 90 மில்லி வர்ற மாதிரி தண்ணி சேத்து 500 பிபிஎம் ஆக்கிக்கணும், 5 செகண்டுக்கு மேல முக்கக்கூடாது. என்ஏஏ ஐபிஏ-வை விட கொஞ்சம் கடுமையான சரக்கு, அளவு மீறினா மன்னிக்காது.

இயற்கை முறையில எது நிஜமா என்ன செய்யுது

இதுல ஒவ்வொன்னும் வேற வேற வேலை செய்யுது, எல்லாத்தையும் வேர் ஹார்மோன்னு ஒரே பேர்ல கூப்பிடறதால தான் குழப்பம்.

சோத்துக் கத்தாழை ஜெல் வெட்டு வாய ஈரமா வச்சிருக்கும், கிருமிய கொஞ்சம் தடுக்கும். வேர் விடக்கூடிய செடிக்கு இது ஒத்தாசை தான். கையில ஒன்னும் இல்லன்னா நான் முதல்ல தேடறது இதுதான், புதுசா கீறின மடல்ல இருந்து மஞ்சள் பால் வடிஞ்சதும் நடுச் சோத்த மட்டும் எடுத்து மெல்லிசா தடவணும். ஆனா ஐபிஏ செய்யற வேலைய அது செய்யும்னு எதிர்பாக்காதீங்க.

தேன்ல ஆக்சின் கிடையாது. கிருமி வளராம தடுக்கும், அதோட சரி. நம்ம ஊர்ல எறும்பு மோப்பம் பிடிச்சு வந்து மண்ணத் தோண்டிடும், அதனால நான் யாருக்கும் சொல்றதில்ல. பட்டைத் தூள், மஞ்சள் தூள் ரெண்டும் பூஞ்சைக்கு எதிரானது, வேருக்கும் அதுக்கும் நேரா சம்பந்தம் இல்ல. மழைக்காலத்துல அழுகல் அதிகம் வந்தா மேல் வெட்டுல தொட்டு வைக்கலாம்.

இளநீரும் முருங்கைக் கீரைச் சாறும் ரொம்ப பேர் நம்பறது. ரெண்டுலயும் வளர்ச்சி ஹார்மோன் இருக்கறது உண்மை தான், ஆனா அதுல அதிகம் சைட்டோகைனின். அது தளிர், கிளை வர வைக்கற ஹார்மோன், அதிகமானா வேர் வர்றதுக்கு எதிராவே வேலை செய்யும். வளந்த செடிக்கு இலை மேல அடிங்க, குச்சி அடியில ஊற வைக்காதீங்க. இளநீர் சர்க்கரை வேற, ராத்திரி பூரா ஊறினா புளிச்சு வாடை வரும், அந்த வெட்டு வாய் அழுகத் தயாரா இருக்கும்.

வெளிநாட்டு வீடியோவுல வர்ற, வில்லோ மரக்குச்சிய ஊற வச்ச தண்ணி நமக்கு எதுக்கு, அந்த மரத்த நம்ம தோட்டத்துல யாரும் வச்சிருக்கறதில்ல. மாட்டுச் சாணிய முருங்கை போத்தோட மேல் நுனியில உருண்டையா அப்பி வைக்கறது நம்ம பெரியவங்க வழக்கம், அது சரியான வழக்கம். மேல் வெட்டு வழியா ஈரம் காயாம, மழைத்தண்ணி இறங்காம தடுக்குது. சிலர் அதைத் தப்பா புரிஞ்சுக்கிட்டு பச்சைச் சாணிய அடியில வச்சு நடறாங்க, அடியில வச்சா அது சூடாகி வெட்டு வாயக் கெடுக்கும்.

10 சென்ட் குண்டுமல்லி: வேலைய ஆரம்பிக்கலாம்

1.25 மீட்டர் இடைவெளியில நட்டா ஒரு ஏக்கருக்கு சுமார் 2,500 செடி வரும், 10 சென்டுக்கு 250. வேர் பிடிக்காதது, மாத்தறப்ப சாகறது, பின்னாடி இடம் நிரப்பறது எல்லாம் சேத்து 400 குச்சி போடுங்க.

நேரம் ஆடி மழை விழ ஆரம்பிச்சதுல இருந்து ஐப்பசி வரைக்கும். பங்குனி, சித்திரையில தர்மபுரி வெயில்ல குச்சி போட்டு நிழல் வலை, பாலித்தீன்னு எவ்ளோ செலவு பண்ணாலும் கூடாரத்துக்குள்ள சூடு ஏறி வெந்துடும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் இருக்கறவங்களுக்கு குளிர்ச்சி இருக்கறதால இன்னும் கொஞ்சம் முன்ன பின்ன போகலாம், ஆனா மார்கழிக் குளிர்ல அங்க வேர் விட ரொம்ப நாள் எடுக்கும்.

தாய்ச்செடி மூணு நாலு வயசானதா, நோய் இல்லாததா, நல்லா பூக்கறதா இருக்கணும். முதல் நாள் சாயங்காலம் அதுக்கு நல்லா தண்ணி கட்டுங்க. மறுநாள் வெயில் ஏறும் முன்ன வெட்டுங்க. எந்தக் கிளைன்னு பாக்கறதுக்கு ஒரு வழி இருக்கு, விரலால வளைச்சுப் பாருங்க. வளைஞ்சு ஒடியாம அப்படியே மடங்கினா இளசு. வளையவே மாட்டாம, பழுப்புப் பட்டை மூடியிருந்தா முத்தல். கொஞ்சம் வளைஞ்சு பட்டுன்னு ஒடியற, பச்சையும் பழுப்பும் கலந்த தண்டு தான் வேணும். மொட்டு இருந்தா கிள்ளி எறியுங்க, மொட்டு இருக்கற வரைக்கும் சாப்பாடு எல்லாம் அங்க போகும்.

12-ல இருந்து 15 சென்டிமீட்டர் நீளம், மூணு நாலு கணு. அடி வெட்டு கணுவுக்கு ஒட்டிக் கீழ இருக்கணும், வேர் அதிகம் கிளம்பறது கணுவ சுத்தித் தான். கத்திரிய ஸ்பிரிட் வச்சு துடைச்சுக்கோங்க, மொக்கைக் கத்திரி தண்ட நசுக்கும், நசுங்கின இடம் அழுகும். கீழ ரெண்டு கணு இலைய எடுத்துட்டு மேல ரெண்டு இலைய மட்டும் விட்டு, அதையும் பாதியா வெட்டி விடுங்க. முழுசா எடுத்தா ஆக்சின் ஊறாது, முழுசா விட்டா வேர் இல்லாத குச்சி அத்தனை இலைக்கும் தண்ணி எங்க இருந்து கொடுக்கும். வெட்டினத உடனே ஈரச் சாக்குல சுத்தி நிழல்ல வைங்க.

பாலித்தீன் பையில நிரப்பற கலவை: கழுவின ஆத்து மணலோ எம்சாண்டோ ரெண்டு பங்கு, ஊற வச்சு கழுவின தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு. தொழு உரம் வேண்டாம், இந்தக் கட்டத்துல உரம் அழுகல தான் கூட்டிட்டு வரும். கையில அள்ளி இறுக்கிப் பிடிச்சா உருண்டையா நிக்கணும், ஆனா விரல் இடுக்குல தண்ணி வழியக்கூடாது. நம்ம பக்கம் நிறைய போர் தண்ணி உப்பு, இலை மேல வெள்ளை வெள்ளையா படியும். முடிஞ்சா தெளிக்கறதுக்கு மட்டும் மழைத்தண்ணி பிடிச்சு வைங்க.

இப்போ ஹார்மோன் வைக்கற கட்டம், இதுல தான் பொறுமை வேணும். டப்பாவுல இருந்து ரெண்டு டீஸ்பூன் பவுடர ஒரு காகிதத்துல கொட்டிக்கோங்க, டப்பாக்குள்ள குச்சிய விடாதீங்க, ஒரு ஈரக்குச்சி உள்ள போனா மொத்த டப்பாவும் கட்டியாகி கெட ஆரம்பிக்கும். குச்சியோட அடிய தண்ணியில தொட்டு, ஒரு உதறு உதறி, பவுடர்ல ரெண்டு சென்டிமீட்டர் உயரம் வரைக்கும் தொட்டு எடுத்து, விரலால லேசா தட்டி மிச்சத்த உதிர்த்துடுங்க. வெள்ளைப் பூச்சு மாதிரி மெல்லிசா நிக்கணும், மாவு அப்பின மாதிரி இருக்கக்கூடாது. கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கோங்க, அந்தத் தூசி மூக்குக்கு நல்லதில்ல. காகிதத்துல மீந்தத திரும்ப டப்பாவுல போடாதீங்க.

பையில பென்சில் மாதிரி, நடற குச்சிய விட தடிப்பா ஒன்ன வச்சு முதல்லயே ஓட்டை போட்டு, அதுக்குள்ள குச்சிய இறக்குங்க, ரெண்டு கணு மண்ணுக்குள்ள போகணும். பக்கத்துல விரலால அழுத்தி காத்து இடைவெளி இல்லாம பண்ணிட்டு பூவாளியில ஒரு தண்ணி. ஓட்டை போடாம குத்தினா என்ன ஆகும்னு மேலயே சொல்லிட்டேன்.

400 குச்சியில 20 குச்சிய மட்டும் ஹார்மோன் இல்லாம, அதே கலவையில, அதே வரிசையில நட்டு கயிறு கட்டி அடையாளம் வைங்க. இதைச் செய்யாதவங்களுக்கு பவுடர் வேலை செஞ்சதா, இல்ல மழை நல்லா பேஞ்சதால வந்துச்சான்னு கடைசி வரைக்கும் தெரியாது. பழைய டப்பாவுக்கு உயிர் இருக்கான்னு பாக்கவும் இதுதான் வழி.

அப்புறம் ஈரக் காத்து. ஹார்மோன விட இது பெருசு, இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் தகும். வேர் வர்ற வரைக்கும் குச்சிக்கு தண்ணி உறிஞ்ச வாய் கிடையாது, அதனால இலையில இருந்து தண்ணி போகாம பாத்துக்கறது மட்டும் தான் நம்ம கையில இருக்கு. 50 சதவீத நிழல் வலைக்குக் கீழ, மூங்கில் வளைச்சு வெள்ளை பாலித்தீன் போட்டு முழங்கால் உயரத்துக்கு ஒரு கூடாரம். உள்பக்கம் காலையில முத்து முத்தா தண்ணி கோத்திருந்தா சரியா இருக்குன்னு அர்த்தம். மத்தியானம் கைய உள்ள விட்டா வெக்கையா அடிச்சா ரெண்டு பக்கமும் கொஞ்சம் தூக்கி விடுங்க. மண்ணுக்கு தினமும் தண்ணி ஊத்தாதீங்க, இலைக்கு மட்டும் ஸ்பிரேயர்ல ரெண்டு மூணு வேளை.

எப்படித் தெரிஞ்சுக்கறது

பத்து பன்னெண்டு நாள்ல தளிர் வந்துடும், பாத்தவுடனே பிடிச்சுக்கிச்சுன்னு சந்தோஷப்பட்டு கூடாரத்த எடுத்துடாதீங்க. காவேரிப்பட்டணம் பக்கம் மல்லி போடற மாமா ஒருத்தர்கிட்ட ஒரு பையன் "மாமா, தளிர் வந்துடுச்சு, பாலித்தீன எடுத்துடட்டா"ன்னு கேட்டப்ப, அவர் சொன்னது, "தளிரு குச்சி கையில இருக்கற காசுடா, சம்பாதிச்சது இல்ல, வேர் வந்தா தான் சம்பாத்தியம்." அதேதான். தண்டுல சேத்து வச்சிருந்த சாப்பாட்டுல அந்தத் தளிர் வருது, வேர் இல்லாம கூடாரத்த எடுத்தா ஒரே நாள்ல தொங்கிடும்.

குண்டுமல்லி வேர் விட நாலுல இருந்து ஆறு வாரம் எடுக்கும். நாலாவது வாரம் குச்சிய ரெண்டு விரலால மெல்ல மேல இழுத்துப் பாருங்க, மண்ணு பிடிச்சு இழுக்கற மாதிரி தெரிஞ்சா வேர் இருக்கு. வழுக்கி வந்தா திரும்ப வச்சு அழுத்திடுங்க. அடியில வெள்ளையா, கரடுமுரடா வீங்கின மாதிரி ஒன்னு இருந்தா அது கேலஸ், காயம் ஆறின தழும்பு. அது வேர் இல்ல, ஆனா குச்சிக்கு உயிர் இருக்கு, காத்திருக்கலாம்.

அடி கருத்திருந்தா ரெண்டு காரணம் இருக்கலாம், ரெண்டுக்கும் செய்ய வேண்டியது எதிரெதிர். பிடுங்கி கையில வச்சுப் பாருங்க. கருப்பு மெத்துன்னு, நகத்தால அழுத்தினா பட்டை வழுக்கி வந்து, வாடை அடிச்சு, நாளாக நாளாக மேல ஏறிக்கிட்டே போனா அது அழுகல். தண்ணி அதிகம், இல்லன்னா கலவை இறுகிடுச்சு. பக்கத்துக் குச்சியையும் எடுத்து எறிஞ்சுட்டு தண்ணியக் குறைங்க. அப்படி இல்லாம, பவுடர் தொட்ட அந்த ரெண்டு சென்டிமீட்டர் மட்டும் காஞ்ச பழுப்பா கோடு கிழிச்ச மாதிரி நின்னு, அந்தக் கோட்டுக்கு மேல தண்டு பச்சையா, கெட்டியா இருந்தா அது ஹார்மோன் சூடு. அளவு அதிகமாயிடுச்சு. சில சமயம் அந்தக் கோட்டுக்கு மேல இருந்தே வேர் கிளம்பறதயும் பாக்கலாம், அதனால அவசரப்பட்டு எறியாதீங்க. கண்ணு ரொம்ப நாள் விழிக்காம தூங்கற மாதிரி இருந்தாலும் ஹார்மோன் கூடிப் போனதா இருக்கலாம், ஆக்சின் அதிகமானா மொட்டு விரியறத அமுக்கும். அடுத்த முறை சதவீதத்துல ஒரு படி இறங்குங்க.

அடையாளம் வச்ச 20 குச்சிய ஆறாவது வாரம் பிடுங்கி, ஹார்மோன் போட்டதுல 20-ஐயும் பிடுங்கி ஒரு சாக்கு மேல வரிசையா போட்டு எத்தனைல வேர், ஒவ்வொன்னுலயும் எத்தனை வேர்னு எண்ணுங்க, எண்ணினத உடனே திரும்ப நட்டுடலாம், பெரும்பாலும் தாங்கிடும். ரெண்டு வரிசையும் ஒரே மாதிரி நல்லா இருந்தா உங்க தாய்ச்செடிக்கும் உங்க கூடாரத்துக்கும் பவுடர் தேவையில்ல, அடுத்த வருஷம் அந்தக் காசுல நிழல் வலை வாங்குங்க. ரெண்டு வரிசையும் ஒரே மாதிரி மோசமா இருந்தா பவுடர மாத்தறதால ஒன்னும் ஆகாது, ஈரக் காத்தையும் கலவையையும் பாருங்க. ஹார்மோன் வரிசை மட்டும் தெளிவா முந்தி நின்னா தான் அது உங்களுக்கு வேணும்.

வேர் பிடிச்சதும் கூடாரத்த ஒரே நாள்ல எடுக்காம, முதல்ல சாயங்காலம் ஒரு மணி நேரம், அப்புறம் ராத்திரி பூரா, அப்புறம் பகல்லயும்னு ஒரு வாரம் பத்து நாள்ல பழக்குங்க. அதுக்கப்புறம் தான் பைக்கு கொஞ்சம் மண்புழு உரம். நிலத்துக்கு மாத்த செடிக்கு மூணு நாலு மாசம் ஆகணும், அந்த நேரம் கோடை வந்துட்டா அவசரப்படாம நிழல்லயே வச்சிருந்து அடுத்த மழைக்கு நடுங்க.

மீந்த பவுடர் டப்பாவ இறுக்கி மூடி, பாலித்தீன் கவர்ல போட்டு, மண்பானை பக்கமோ ஃப்ரிட்ஜோட கீழ் தட்டுலயோ வைங்க, ஃப்ரிட்ஜ்னா சாப்பாட்டுப் பொருள் பக்கம் போகாம தனி டப்பாவுல, விஷம்னு எழுதி, பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க. தகரக் கூரை செட்டுல சித்திரை வெயில்ல கிடந்த பவுடர நம்பி 400 குச்சி போடாதீங்க, முதல்ல பத்து குச்சிக்கு மட்டும் போட்டுப் பாருங்க.